"இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று விடக்கூடாத தைராய்டு

குழந்தை எந்நேரமும் தூங்கி வழிகிறது. பால் குடிக்க வெகுநேரம் ஆகிறது. கைகால் தொய்வாக இருக்கிறது, மலச்சிக்கல் தொல்லை கொடுக்கிறது, தோல் வறண்டிருக்கிறது, நாக்கு வெளியே துருத்துகிறது, தொப்புள் புடைத்திருக்கிறது. தலை நிற்பதும் உட்காருவதும் மாதக்கணக்கில் தள்ளிப்போகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையை வளர்க்கும் தாயிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால், தன் பிள்ளையைப் பார்த்து எழுதியது என்றே நினைப்பார். குழந்தைகள் நல மருத்துவப் பாடநூலைப் புரட்டினாலோ, இதே பட்டியல் வேறொரு தலைப்பின் கீழும் இருக்கும்: பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை.

சிக்கல் இங்கேதான். மற்றக் குழந்தைக்குத் தைராய்டு குறைந்தால், சுறுசுறுப்பாக இருந்த பிள்ளை மந்தமாகிவிட்டதே என்று வீட்டில் யாராவது கவனிப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையிடம் அந்த மாற்றம் கண்ணில் படாது. பட்டாலும், "இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று பெற்றோரும் சில நேரம் மருத்துவரும் கடந்துபோய்விடுவார்கள். டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தைக்கும் இதே நிலைதான். தைராய்டு குறைந்தால் உயரம் கூடுவது நின்றுபோகும். ஆனால் டர்னர் உள்ளவர்கள் முன்பே குள்ளமாகத்தானே இருக்கிறார்கள்?

கண்ணை நம்ப முடியாத இடத்தில் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். "போன வருஷம் பார்த்தோமே, நார்மல்தானே, மறுபடியும் எதற்கு ஊசி?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான பதில் தைராய்டு எப்படிக் கெடுகிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு எண்கள்

கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பி டி4 என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் மூலம் கட்டளையிடுகிறது. கட்டட வேலையில் மேஸ்திரியின் குரலைப் போன்றது டி.எஸ்.எச். ஆள் ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி தாழ்ந்த குரலில் பேசுவார். ஆள் சுணங்கினால் குரல் உயரும். வேலை இன்னும் முழுதாகக் கெடவில்லை, குரல் மட்டும் உயர்ந்திருக்கிறது என்ற கட்டம் ஒன்று உண்டு. அப்போது அறிக்கையில் டி.எஸ்.எச். கூடியும், ஃப்ரீ டி4 சரியான அளவிலும் இருக்கும். அடுத்த கட்டத்தில் டி.எஸ்.எச். நன்றாக ஏறி, டி4 இறங்கிவிடும். ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுரப்பி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும்.

கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைகளுக்கு டி.எஸ்.எச். ஏறத்தாழ 5-க்குள் இருந்தால் நார்மல் என்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் கொள்கின்றன. 10-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள். 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட பகுதிதான் குழப்பமானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நிறையப் பேர் அந்த இடைப்பகுதியில்தான் இருக்கிறார்கள்.

பிறந்தவுடன் பார்த்தது ஏன் போதாது?

பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கும் வழக்கத்தைக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜான் டுஸ்ஸோ என்ற மருத்துவர் 1974-இல் தொடங்கிவைத்தார். மூளை வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் டி4 கிடைக்காவிட்டால் அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்ட முடியாது. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் தடுத்துவிடலாம். இந்த உண்மைதான் அந்தப் பரிசோதனையை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இதைக் கட்டாயமாகச் செய்யும் நாடு தழுவிய திட்டம் இல்லை. கேரளம் போன்ற சில மாநிலங்கள் அரசு மருத்துவமனைகளில் செய்கின்றன. மற்ற இடங்களில் மருத்துவமனையைப் பொறுத்தது. ஆகவே டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, டிஸ்சார்ஜ் தாள்களில் டி.எஸ்.எச். என்ற வரி இருக்கிறதா என்று தேடுவது. "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது.

எடுத்திருந்தாலும் அதோடு முடியவில்லை. பொதுவாகப் பிறவித் தைராய்டு குறைபாடு ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. இவர்களின் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் சற்றுச் சிறியது. அதனால் குறைபாடு மிதமாக இருந்து, முதல் சில நாள் பரிசோதனையில் எல்லைக்கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டு, பல வாரங்கள் கழித்துத் தலைகாட்டலாம்.

இன்னொரு காரணம் இதயம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்கு ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கும் டோபமின் மருந்து, டி.எஸ்.எச். அளவைத் தற்காலிகமாக அமுக்கிவிடும். சுரப்பி கெட்டிருந்தும் அறிக்கை நல்லபடியாக வரும். இதயத்துக்குள் குழாய் செலுத்திப் படம் எடுக்கும்போது ஏற்றும் சாயத்தில் அயோடின் நிறைய இருக்கும். அறுவைக்கு முன் தோலில் பூசும் கருஞ்சிவப்புக் கிருமிநாசினியிலும் அயோடின்தான். கைக்குழந்தையின் தைராய்டு இந்த அயோடின் வெள்ளத்தில் சில வாரங்கள் வேலையை நிறுத்திவிடக்கூடும். ஆகவே தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கும், இதய சிகிச்சை முடித்த குழந்தைக்கும் சில வாரங்களில் மறுபடி பார்ப்பது அவசியம்.

ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுதோறும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு வகுத்த அட்டவணை எளிமையானது. பிறந்தவுடன் ஒரு முறை, ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் எப்போதாவது காணப்பட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

முதல் மூன்று பரிசோதனைகள் பிறவிக் குறைபாட்டைத் தவறவிடாமல் இருப்பதற்கு. ஆண்டுதோறும் செய்வது வேறொரு நோய்க்கு. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தைராய்டையே அந்நியமாக நினைத்துத் தாக்கும் நோய் அது. ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி என்று பெயர். சொந்த உறுப்பைத் தாக்காதே என்று எதிர்ப்பு அணுக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் ஏயர் என்னும் மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த மரபணு இருப்பது 21-ஆம் குரோமோசோமில். டவுன் சிண்ட்ரோமில் மூன்றாகிவிடுவதும் அதே 21-ஆம் குரோமோசோம்தான். இந்தப் பாடம் குழம்பிப்போவதே இவர்களுக்குத் தைராய்டு அழற்சி கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மற்றவர்களில் இந்த நோய் பெண்களையே அதிகம் பிடிக்கும். பருவ வயதையொட்டித் தொடங்கும். டவுன் சிண்ட்ரோமில் ஆண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே அளவில் வருகிறது. இளம் வயதிலேயே வருகிறது.

இந்தத் தாக்குதல் ஒரே நாளில் நடப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு மாதங்களில், சிலருக்கு ஆண்டுகளில் சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. ஐந்து வயதில் எடுத்த நார்மல் அறிக்கை ஐந்து வயதுச் சுரப்பியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆறு வயதுக்கு அது உத்தரவாதம் தராது.

ஒரு பிள்ளையின் கதை

இது எப்படி நடக்கும் என்று பார்க்க ஒரு பெண் குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக அமைத்தவை. ஆனால் வழக்கமாக நடப்பது இப்படித்தான்.

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். மூன்றாம் நாள் டி.எஸ்.எச். நார்மல். ஆறாம் மாதம் 7.8, ஃப்ரீ டி4 சரியான அளவில். பெற்றோர் பதறி, மாத்திரை வேண்டாமா என்கிறார்கள். மருத்துவர் தொடங்கவில்லை, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்கிறார். அப்போது 6.9. முதல் பிறந்தநாளில் 5.6. இரண்டு வயதில் 4.2.

மாத்திரை தராமலே இறங்கிவிட்டது. இந்தப் பிள்ளைகளில் டி.எஸ்.எச். மட்டும் லேசாக ஏறியிருப்பது மிகச் சாதாரணம்; பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். பொதுவாகவே மருந்து கொடுத்துவைத்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த 196 குழந்தைகளில் ஒரு பாதிக்கு இரண்டு ஆண்டுகள் தைராய்டு மருந்தும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2005-இல் வந்த முடிவில், மருந்து பெற்றவர்கள் உடல் அசைவு வளர்ச்சியில் சற்று முன்னே இருந்தார்கள். பத்து வயதுக்கு மேல் மறுபடி சோதித்தபோது, மன வளர்ச்சியிலும் அசைவு வளர்ச்சியிலும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குறைபாடு உறுதியானவர்களுக்கு மருந்து கட்டாயம். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு மறுபடி பார்ப்பதே பல நேரம் சரியான சிகிச்சை.

நம் பிள்ளைக்கு மூன்று, நான்கு, ஐந்து வயதுகளிலும் நார்மல். ஆறு வயதில் 8.6 ஆகிறது. எண் ஆறாம் மாதத்தில் பார்த்ததைவிட அப்படியொன்றும் கூடவில்லை. ஆனால் இந்த முறை மருத்துவர் ஆன்டிபாடியும் பார்க்கிறார், டி.பி.ஓ. ஆன்டிபாடி நன்றாக ஏறியிருக்கிறது. முன்பு ஏறியது வளரும் சுரப்பியின் தடுமாற்றம். இப்போது ஏறுவது தாக்கப்படும் சுரப்பியின் தளர்ச்சி. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும்.

ஆறரை வயதில் டி.எஸ்.எச். 14.2. ஃப்ரீ டி4 கீழ் எல்லையைத் தொட்டுவிட்டது. உயரக் குறிப்பைப் புரட்டினால், முந்தைய ஆண்டில் 6 சென்டிமீட்டர் வளர்ந்தவள் இந்த ஆண்டு 3.5 மட்டுமே வளர்ந்திருக்கிறாள். வீட்டில் கேட்டால், பள்ளியில் தூங்குகிறாள் என்று ஆசிரியை சொன்னதும், மலச்சிக்கல் கூடியதும் அப்போதுதான் நினைவுக்கு வருகின்றன. குளிர்காலம் என்று நினைத்தார்கள். இரவில் மூச்சுத் திணறி விழிப்பதால் பகலில் தூங்குகிறாள் என்று நினைத்தார்கள். இரண்டுமே நம்பத் தகுந்த விளக்கங்கள்தான்.

எடைக்கேற்ற அளவில் லெவோதைராக்சின் மாத்திரை தொடங்குகிறார்கள். ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 3-க்கு வருகிறது. ஓராண்டில் உயரம் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. டவுன் சிண்ட்ரோம் அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் ஏறியிருந்த இன்னொரு சுமை இறங்கிவிட்டது.

டர்னர் சிண்ட்ரோமில் மாறுவது என்ன?

பெண் குழந்தைக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமலோ, சிதைந்தோ இருப்பது டர்னர் சிண்ட்ரோம். பிறக்கும் பெண் குழந்தைகளில் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. இங்கே பிறவித் தைராய்டு குறைபாட்டைவிட, பின்னால் வரும் ஹஷிமோட்டோதான் முதன்மையான கவலை. நான்கு வயதுக்கு முன் அரிது. பிறகு வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். ஸ்வீடனில் டர்னர் உள்ள பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தைராய்டு குறைந்தது. ஓர் ஆண்டுக்கு இது சிறிய எண். இருபது ஆண்டு கூட்டிப் பார்த்தால் பெரியது. எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கை இரட்டித்திருக்கும் வகையினருக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்பதால், குரோமோசோம் அறிக்கையைத் தைராய்டு பார்க்கும் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

டர்னர் சிண்ட்ரோமுக்கான சர்வதேச வழிகாட்டுதல், கண்டுபிடித்த அன்றே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பார்க்கச் சொல்கிறது; பிறகு ஆண்டுதோறும். "கண்டுபிடித்த அன்றே" என்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பல பெண் பிள்ளைகளுக்கு, வயதுக்கு வரவில்லையே என்று பதினான்கு, பதினைந்து வயதில் காட்டும்போதுதான் டர்னர் என்று தெரிகிறது. அதற்குள் தைராய்டும் கெட்டிருக்கலாம்.

இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உயரத்துக்காக வளர்ச்சி ஹார்மோன் ஊசி தினமும் போடுகிறார்கள். செலவு பெரியது. தைராய்டு குறைந்திருந்தால் அந்த ஊசி முழுப் பலன் தராது. "மருந்து போட்டும் வளரவில்லை" என்று அளவைக் கூட்டுவதற்கு முன் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி உடலில் டி4-ஐ வேகமாக டி3 ஆக மாற்றும்; அதனால் டி.எஸ்.எச். சரியாக இருந்தும் ஃப்ரீ டி4 சற்று இறங்கித் தெரியலாம். ஊசி போடுகிற விவரத்தைச் சொல்லாமல் அறிக்கையை மட்டும் நீட்டினால், பார்ப்பவர் குழம்பிப்போவார்.

வளர்ச்சியைக் கணிக்கும் வரைபடமும் முக்கியம். சிகிச்சை பெறாத டர்னர் பெண்கள் தங்கள் குடும்பத்துப் பெண்களைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் குள்ளமாகவே நிற்பார்கள். பொது வரைபடத்தில் அவள் எப்போதுமே கடைசிக் கோட்டுக்குக் கீழேதான். அங்கிருந்து இன்னும் சரிந்தால் தெரியாது. டர்னருக்கென்றே உள்ள வரைபடத்தில் அவளுடைய கோடு எது என்று தெரியும்; அதிலிருந்து விலகினால் உடனே புலப்படும். டவுன் சிண்ட்ரோமுக்கும் தனி வரைபடம் உண்டு.

பரிசோதனை ஏமாற்றும் இடங்கள்

முடி வளர்ச்சிக்காகவும் சத்துக்காகவும் கொடுக்கும் சில மாத்திரைகளில் பயோட்டின் அதிக அளவில் இருக்கிறது. பல ஆய்வுக்கூடக் கருவிகளில் அது ரத்த அளவீட்டையே திரித்துவிடும்: டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். குறைபாடு உள்ள பிள்ளைக்கு நார்மல் என்றும், நார்மலான பிள்ளைக்குத் தைராய்டு அதிகச் சுரப்பு என்றும் அறிக்கை வரலாம். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அவற்றை நிறுத்திவிட்டு, என்ன கொடுத்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், நிமோனியா போன்ற நோயின் நடுவிலும் எண்கள் தடுமாறும். அவசரம் இல்லையென்றால் தேறிய பிறகு எடுப்பது நல்லது.

உண்மையிலேயே அதிகச் சுரப்பும் வரலாம். இரு சிண்ட்ரோம்களிலும் கிரேவ்ஸ் என்னும் எதிர் வகை நோய் வருவதுண்டு. பிள்ளை மெலிந்து, எரிச்சலோடு, தூக்கமின்றி இருந்து, டி.எஸ்.எச். அடிமட்டத்தில் இருந்தால் அதைச் சந்தேகிப்பார்கள். ஒரே பரிசோதனை இரு பக்கமும் காவல் நிற்கிறது.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பின் எண் மறுபடி ஏறினால், அளவைக் கூட்டும் முன் எப்படிக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், மாத்திரையைப் பொடித்து ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் உணவு. இரும்புச்சத்து டானிக், கால்சியம், சோயாப் பால் ஆகியவை மாத்திரையை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. புட்டியை இறுக மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் நாளில் மாத்திரையை எடுத்த பிறகே கொடுக்கலாம்.

இந்தப் பிள்ளைகளுக்கு நரம்பு கிடைப்பது கடினம் என்பது ஆண்டுதோறும் போகும் பெற்றோருக்குத் தெரியும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து போல அந்த ஆண்டு பார்க்க வேண்டிய மற்றவற்றையும் ஒரே ஊசியில் எடுத்துவிடும்படி கேட்கலாம். அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோமும் இடம்பெற்றிருப்பதால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்திருந்தால் அங்கேயே வழி கேட்கலாம்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, உயரம், எடை, எந்த ஆய்வுக்கூடம், அன்று என்ன மருந்து என்று ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும். ஒரு தனி எண் மருத்துவருக்கு அதிகம் சொல்லாது. ஐந்து ஆண்டு வரிசையாகப் பார்த்தால் ஏறுகிறதா, தடுமாறி இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குழந்தை மருத்துவரிடம் போகும் வயது முடிந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போதுதான் பலருக்கும் இந்த வரிசை அறுந்துபோகிறது. ஹஷிமோட்டோவின் ஆபத்து அந்த வயதில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வயதில் புது மருத்துவரிடம் கொடுக்க வேண்டியது அந்த நோட்டுப் புத்தகத்தை. அவரிடம் கேட்க வேண்டியது அடுத்த பரிசோதனையின் தேதியை.